சூத்திரத்தை மாற்றி எழுதுதல்: ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதப் பயிற்சித் தாள்

பெயர், தேதியை மேலே எழுதிவிட்டுத் தொடங்குங்கள். கால்குலேட்டர் வேண்டாம், 4-ஆம் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

செய்து காட்டிய கணக்கு 1

மண் வாய்க்காலின் குறுக்குவெட்டு பெரும்பாலும் சரிவகமாக இருக்கும். மேல் அகலம் a, அடி அகலம் b, ஆழம் h என்றால் பரப்பு:

A = h(a + b)/2

இதில் a-ஐத் தனியாக்க வேண்டும். இருபுறமும் 2-ஆல் பெருக்கினால் 2A = h(a + b). அப்புறம் h-ஆல் வகுத்தால் 2A/h = a + b. கடைசியாக b-ஐக் கழிக்க வேண்டும்:

a = 2A/h − b

சரிபார்ப்போம். எண்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்: a = 5, b = 3, h = 2 (மீட்டரில்). பழைய சூத்திரத்தில் போட்டால் A = 8. இப்போது A, b, h மூன்றையும் புதிய சூத்திரத்தில் போடுங்கள்: 16/2 − 3 = 5. வைத்த எண்ணே திரும்பி வந்துவிட்டது.

எந்த எண்ணை வைக்கிறோம் என்பது முக்கியம். ஒருவர் அவசரத்தில் a = (2A − b)/h என்று எழுதிவிட்டு h = 1 வைத்துப் பார்க்கிறார் என்று வையுங்கள். a = 5, b = 3 என்றால் A = 4, அவருக்குக் கிடைப்பது (8 − 3)/1 = 5. தப்பான சூத்திரம், ஆனால் விடை சரியாக வருகிறது! 1-ஆல் வகுத்தாலும் வகுக்காவிட்டாலும் ஒன்றுதான் என்பதால் தப்பு வெளியே தெரியவில்லை. h = 2 வைத்திருந்தால் 6.5 வந்து காட்டிக்கொடுத்திருக்கும். அதனால் 0, 1 இரண்டையும் தவிருங்கள். 2-ஐ இரண்டு எழுத்துகளுக்கு வைக்காதீர்கள், 2 + 2-ம் 2 × 2-ம் ஒன்றாகிவிடும்.

செய்து காட்டிய கணக்கு 2

கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். ஈர நெல்லின் எடை W, முழுக்கக் காய்ந்தபின் எடை D என்றால் ஈரப்பத விழுக்காடு:

m = 100(W − D)/W

W-ஐத் தனியாக்க வேண்டும். அது மேலேயும் இருக்கிறது, கீழேயும் இருக்கிறது. இந்த இடத்தில்தான் பலர் W = 100(W − D)/m என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். வலப்பக்கம் இன்னும் W இருக்கிறதே, அது விடை ஆகாது. W உள்ள உறுப்புகளை எல்லாம் ஒரே பக்கம் சேர்க்க வேண்டும்:

mW = 100W − 100D
100D = 100W − mW
100D = W(100 − m)
W = 100D/(100 − m)

சரிபார்ப்பு: 40 கிலோ மூட்டை, D = 33.2. பழைய சூத்திரப்படி m = 100 × 6.8/40 = 17. புதியதில் 3320/83 = 40. சரி.

பயிற்சி

ஒவ்வொன்றிலும் படிகளை எழுதுங்கள். அதன் கீழேயே எண் வைத்துச் சரிபார்த்ததையும் எழுதுங்கள். சரிபார்ப்பு இல்லாத விடைக்குப் பாதி மதிப்பெண்தான்.

1. வாய்க்காலின் குறுக்குவெட்டுப் பரப்பு A, நீரின் வேகம் நொடிக்கு v என்றால் நொடிக்கு ஓடும் நீரின் அளவு Q = Av. v-ஐத் தனியாக்குங்கள்.

2. நிலம் m மா, k குழி என்றால் சதுர அடியில் S = 14400m + 144k. k-ஐத் தனியாக்குங்கள். 2 மா 35 குழி வைத்துச் சரிபாருங்கள்.

3. களத்தில் குவித்த நெல் கூம்பு வடிவம்: V = πr²h/3. r-ஐத் தனியாக்குங்கள். r = 2.1, h = 1.5, π = 22/7 வைத்துப் பாருங்கள். வர்க்கமூலத்துக்கு இரண்டு விடை உண்டு; இங்கே மைனஸ் விடையை ஏன் விடுகிறோம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

4. அணையிலிருந்து நொடிக்கு q கன அடி வீதம் d நாள் திறந்தால் வெளியேறும் நீர், டி.எம்.சி.யில் T = 86400qd/10⁹. d-ஐத் தனியாக்குங்கள். மேட்டூர் அணை 120 அடியில் நிரம்பும்போது கொள்ளளவு 93.47 டி.எம்.சி. வரத்து இல்லாமல், அத்தனை நீரையும் 15000 கன அடி வீதம் திறக்க முடியும் என்று வைத்துக்கொண்டால் எத்தனை நாள் வரும்?

5. அறுவடை இயந்திரத்துக்கு மணிக்கு r ரூபாய் வாடகை, கொண்டுவர k ரூபாய். t மணி நேரத்துக்குச் செலவு C = rt + k. ஒரு மாணவி t = C/r − k என்று எழுதியிருக்கிறாள். r = 2200, t = 3, k = 500 வைத்து அவள் விடையைச் சோதியுங்கள். எந்தப் படியில் பிசகியது?

6. ஒரு மோட்டார் தனியாக x மணியிலும் இன்னொன்று தனியாக y மணியிலும் ஒரு தொட்டியை நிரப்பும். இரண்டும் சேர்ந்தால் T = xy/(x + y). x-ஐத் தனியாக்குங்கள். 10, 15 வைத்துப் பாருங்கள். விடையில் கீழே வரும் y − T எப்போதும் பூச்சியத்தைவிடப் பெரிதாகத்தான் இருக்கும், ஏன்?

விடைகள் (சரிபார்த்து முடித்தபிறகு மட்டும்)

1. v = Q/A
2. k = (S − 14400m)/144; S = 33840
3. r = √(3V/πh); V = 6.93
4. d = 10⁹T/(86400q); ஏறக்குறைய 72 நாள்
5. t = (C − k)/r; C = 7100. அவள் சூத்திரத்தில் மணி நேரம் மைனஸில் வரும். r-ஆல் வகுத்தபோது k-ஐ வகுக்காமல் விட்டுவிட்டாள்.
6. x = Ty/(y − T); T = 6. இரண்டு மோட்டாரும் சேர்ந்து ஓடினால், ஒன்று தனியாக ஓடுவதைவிடச் சீக்கிரம் நிரம்பும்.