கம்பெனி, ஃபர்ம், பிராண்டு, குழுமம்: ஒரு மாணவரின் கேள்விகளும் ஆசிரியரின் பதில்களும்

திருப்பூரில் பதினோராம் வகுப்பில் வணிகவியல் படிக்கும் மாணவர் ஒருவர் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு, அவருடைய ஆசிரியர் எழுதிய பதில்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் பெரியப்பா இருபது தையல் மெஷின்கள் வைத்து பனியன் தைத்துக் கொடுக்கிறார். வீட்டில் எல்லோரும் அவர் கம்பெனிக்குப் போயிருப்பதாகத்தான் சொல்கிறோம். அது உண்மையில் கம்பெனிதானா?

பதில்: நம் ஊரில் பத்து மெஷின் ஓடினாலும் அது பனியன் கம்பெனிதான்; பேச்சில் அதைத் திருத்த வேண்டியதில்லை. ஆனால் தேர்வுத் தாளிலும் வங்கியிலும் நீதிமன்றத்திலும் அந்தச் சொல்லுக்கு அளவான பொருள் உண்டு. கம்பெனிகள் சட்டத்தின்படி பதிவு பெற்று, பதிவுச் சான்றிதழ் வாங்கியது மட்டுமே கம்பெனி ஆகும். இப்போது நடப்பில் இருப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் பெரியப்பா தாம் ஒருவரே முதல் போட்டு, தம் பெயரிலேயே ஜி.எஸ்.டி. எண் வாங்கி நடத்துகிறார் என்றால், அது புரொப்ரைட்டர்ஷிப் எனப்படும் தனியாள் வணிகம். நீ கேட்ட நான்கில் எதுவும் அது அல்ல.

வேறுபாட்டைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள். நூல் மில் ஒன்று ஐந்து லட்சம் ரூபாய்க்குக் கடனாக நூல் அனுப்புகிறது. தவணை கடந்தும் பணம் வரவில்லை. அந்தப் பாக்கியை மில்காரர் யாரிடம் கேட்க முடியும்? தனியாள் வணிகத்தில் உங்கள் பெரியப்பாவிடம் கேட்கலாம். யூனிட்டில் உள்ள மெஷின்களோடு நிற்காமல், வழக்கு அவர் பெயரில் உள்ள வீடு, காடு வரைக்கும் போகலாம்.

கேள்வி: அவரும் அவருடைய மச்சானும் சேர்ந்து நடத்தினால்?

பதில்: இருவரும் லாபத்தைப் பங்கிட்டுக்கொள்வதாக ஒப்பந்தம் செய்து நடத்தினால் அது கூட்டாண்மை, அந்தக் கூட்டாளிகளை ஒன்றாகச் சேர்த்துச் சொல்லும் பெயரே ஃபர்ம். 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் இதை ஆள்கிறது. வருமான வரிக்காக ஃபர்முக்குத் தனி பான் எண் உண்டு என்பதால் அது தனி ஆள் போலத் தோன்றும். ஆனால் கடன் என்று வரும்போது ஃபர்முக்குப் பின்னால் மறைந்துகொள்ள இடமில்லை. மில்காரர் முழு ஐந்து லட்சத்தையும் பெரியப்பாவிடமே கேட்கலாம், அல்லது மச்சானிடமே கேட்கலாம்; தமக்குப் பாதிப் பங்குதான் என்று எந்தக் கூட்டாளியும் அவரிடம் சொல்லித் தப்ப முடியாது. அந்தக் கணக்கை அவர்கள் தமக்குள் பிறகு தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ஃபர்மைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. இந்தச் சலுகையை நம்பிப் பலர் பத்திரம் எழுதிக்கொள்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பதிவு பெறாத ஃபர்ம், சரக்கு வாங்கிக்கொண்டு பணம் தராத வெளியாள் மீது ஒப்பந்தத்தின் பேரில் வழக்குத் தொடுக்க முடியாது. அந்த வெளியாளோ ஃபர்ம் மீது தொடுக்கலாம். கடன் சரக்கிலேயே ஓடும் நம் ஊர்த் தொழிலுக்கு இது சிறிய இடைஞ்சல் அல்ல. பத்திரத்தில் வேறு விதமாக எழுதியிராவிட்டால், ஒரு கூட்டாளி இறந்ததும் ஃபர்ம் கலைந்துவிடும் என்பதையும் குறித்துக்கொள்.

ஆங்கில நாளிதழ்கள் பெரிய கம்பெனிகளையும் ஃபர்ம் என்று எழுதும்; நம் நாளிதழ்கள் எல்லாவற்றையும் நிறுவனம் என்று எழுதிவிடும். செய்திக்கு அது போதும், விடைத்தாளுக்குப் போதாது.

கேள்வி: கம்பெனி என்றால் இந்தக் கடன் யாரைச் சேரும்?

பதில்: கம்பெனியையே சேரும். சட்டத்தின் பார்வையில் கம்பெனி தனி ஆள்; அதன் பெயரில் நிலம் வாங்கலாம், வழக்குப் போடலாம், கடனும் படலாம். பங்குதாரர் இறந்தாலும் பங்குகள் கைமாறினாலும் கம்பெனி நிற்கும். இங்கிலாந்தில் சாலமன் என்ற தோல் வணிகரின் வழக்கில் 1897இல் பிரபுக்கள் சபை சொன்ன தீர்ப்பே இதற்கு இன்றுவரை மேற்கோள்: ஏறக்குறைய எல்லாப் பங்குகளும் ஒருவர் கையில் இருந்தாலும், அவர் வேறு, கம்பெனி வேறு. ஆகவே மில்காரர் கம்பெனியின் சொத்தில்தான் வசூலிக்க முடியும். பங்குதாரர் தாம் பங்குக்குத் தர ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் தர வேண்டியதில்லை. நடைமுறையில் இந்தப் பாதுகாப்பு முழுமையானது என்று எண்ணிவிடாதே. சிறு கம்பெனிக்குக் கடன் தரும்போது வங்கிகள் பெரும்பாலும் இயக்குநர்களின் சொந்த ஜாமீனையும் எழுதி வாங்கிக்கொள்கின்றன.

பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குக் குறைந்தது 2 உறுப்பினர்கள் வேண்டும், 200 பேருக்கு மேல் பொதுவாகக் கூடாது. பப்ளிக் கம்பெனிக்குக் குறைந்தது 7 பேர். மேல் வரம்பு இல்லை. ஒருவரே தொடங்கும் ஒருநபர் கம்பெனிக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. ஃபர்முக்கும் கம்பெனிக்கும் நடுவே, 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமையும் எல்.எல்.பி. உள்ளது, கூட்டாளிகள் நடத்துவது, ஆனால் கம்பெனியைப் போலத் தனி ஆள்.

கேள்வி: பிராண்டும் கம்பெனியின் பெயரும் ஒன்றுதானே?

பதில்: சில இடங்களில் ஒன்றாக இருக்கும்; கோவை எல்ஜி எக்விப்மென்ட்ஸ் லிமிடெட் செய்யும் கம்ப்ரசர் மீது எல்ஜி என்றே இருக்கிறது. அந்த ஒற்றுமைதான் மாணவர்களைக் குழப்புகிறது. பிராண்டு ஆள் அல்ல, உடைமை. கட்டடம் போல, மெஷின் போல, அது ஒருவருக்குச் சொந்தமானது. மில்காரர் தம் ஐந்து லட்சத்தைப் பிராண்டிடம் கேட்க முடியாது. பிராண்டின் சொந்தக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

பெரியப்பாவின் யூனிட்டுக்குப் போனால், கழுத்துப் பட்டியின் உட்புறம் லேபிள் தைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று பார். காலையில் ஒரு பெயர் போட்ட லேபிள் ஓடும், மாலையில் வேறொரு பெயர் ஓடும். தைக்கும் கை ஒன்றே. அந்தப் பெயர்களின் உரிமையாளர்கள் வெளிநாட்டில் இருக்கலாம், ஒரு தையல் மெஷின் கூடச் சொந்தமாக இல்லாமலும் இருக்கலாம். ஆலை இல்லாமல் பிராண்டை மட்டும் விற்கலாம், வாடகைக்கும் விடலாம்.

பிராண்டின் பெயரையும் சின்னத்தையும் 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிகள் சட்டப்படி பதிவு செய்கிறார்கள். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். உரிமையாளர் கம்பெனியாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நாம் காலையில் வாங்கும் ஆவின் பால் பாக்கெட்டை எடுத்துக்கொள்: ஆவின் என்பது பிராண்டு, அதற்குப் பின்னால் இருப்பது கூட்டுறவு இணையம்.

கேள்வி: குழுமம் என்பது மிகப் பெரிய கம்பெனியா?

பதில்: இல்லை. ஒரே கட்டுப்பாட்டின் கீழ் உள்ள பல கம்பெனிகளின் தொகுப்பைக் குழுமம் என்கிறோம். ஒரு கம்பெனி இன்னொன்றின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் வைத்திருந்தால் முன்னது தாய்க் கம்பெனி, பின்னது துணைக் கம்பெனி. டாடா குழுமத்தில் டாடா ஸ்டீலும் டி.சி.எஸ்.ஸும் தனித்தனிக் கம்பெனிகள். டாடா சன்ஸ் அவற்றில் பங்கு வைத்திருக்கிறது, டாடா என்ற பிராண்டும் அதனுடையதே. ஒரு கம்பெனியின் பாக்கியை, ஜாமீன் எழுதிக் கொடுத்திராவிட்டால், குழுமத்தின் இன்னொரு கம்பெனி கட்ட வேண்டியதில்லை.

பெயர் ஒன்றாக இருப்பதை வைத்தும் முடிவு செய்யாதே. ஈரோட்டுச் சக்தி மசாலாவும், பொள்ளாச்சி நா. மகாலிங்கம் வளர்த்த சக்தி குழுமத்தின் சக்தி சுகர்ஸும் ஒரே குழுமம் அல்ல.

கேள்வி: ஒரு பில்லைப் பார்த்து இவற்றில் எது என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். ஜி.எஸ்.டி. எண்ணில் 15 இடங்கள் உண்டு. முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண்; பான் எண்ணின் நான்காவது எழுத்து, அதற்கு உரியவர் எந்த வகை என்பதைச் சொல்லும். ஆகவே மொத்த எண்ணின் ஆறாவது எழுத்தைப் பார்: P என்றால் தனியாள், F என்றால் ஃபர்ம் அல்லது எல்.எல்.பி., C என்றால் கம்பெனி. பில்லின் தலைப்பில் குழுமத்தின் பெயர் எவ்வளவு பெரிதாக அச்சாகியிருந்தாலும், அந்த எண்ணுக்கு உரியவர்தான் உனக்குச் சரக்கு விற்றவர்.