பரிந்துரைக் கடிதம் வேண்டி – முதுநிலைப் படிப்பு விண்ணப்பம், கடைசித் தேதி ஜனவரி 30

வணக்கம் மேடம்,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் கவிதா, 2023-இல் சிவில் முடித்த பேட்ச். இறுதியாண்டில் நிலத்தடி நீரிலிருந்து ஃப்ளோரைடை நீக்கும் புராஜெக்டை உங்கள் வழிகாட்டுதலில் செய்தேன்.

நீர்ச் சுத்திகரிப்பில் முதுநிலை ஆய்வுப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். அதற்கு நீங்கள் ஒரு பரிந்துரைக் கடிதம் தர முடியுமா? ஆய்வகத்தில் நான் வேலை செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் நீங்கள்தான். அதனால்தான் முதலில் உங்களிடம் கேட்கிறேன்.

கடைசித் தேதி 2026 ஜனவரி 30, வெள்ளிக்கிழமை. நீங்கள் சரி என்றதும் உங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் விண்ணப்பத்தில் சேர்ப்பேன். கடிதத்தைப் பதிவேற்றும் இணைப்பு உங்களுக்கு நேராக வரும். சில சமயம் ஸ்பாம் பெட்டிக்குப் போய்விடுகிறதாம், அங்கேயும் பார்த்துக்கொள்ளுங்கள். துறையின் லெட்டர்ஹெட்டில், கையெழுத்துடன், பிடிஎஃப்பாக இருக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. கடிதத்தை நான் பார்க்க மாட்டேன் என்று விண்ணப்பத்திலேயே ஒப்புதல் கொடுத்திருக்கிறேன், நீங்கள் மனம் திறந்து எழுதலாம்.

மதிப்பெண்ணை அவர்கள் சான்றிதழில் பார்த்துக்கொள்வார்கள். ஆய்வு செய்யும் பக்குவம் எனக்கு இருக்கிறதா என்பதைத்தான் உங்களிடம் கேட்கிறார்கள். உங்களுக்கு நினைவிருக்கலாம்: ஆக்டிவேட்டட் அலுமினா நிரப்பிய குழாயிலிருந்து வந்த நீரில், ஃப்ளோரைடு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாகக் காட்டியது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்புக்கு வெகு கீழே. முடிவு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. நீரில் கரைந்த அலுமினியம் ஃப்ளோரைடைப் பிடித்துவைத்துக்கொண்டால் மின்முனைக்கு அது தெரியாது என்று படித்துவிட்டு, பஃபர் சேர்த்து எல்லா மாதிரிகளையும் மறுபடி அளந்தேன். அளவு ஏறியது. அந்தத் திருத்திய வரைபடத்தைத்தான் அறிக்கையில் போடச் சொன்னீர்கள். இதை நீங்கள் குறிப்பிட்டால் எனக்குப் பெரிய பலம். அப்புறம், ஜூனியர்களுக்கு மின்முனையை அளவுதிருத்தம் செய்யக் கற்றுக்கொடுத்ததையும் இடமிருந்தால் சேர்க்கலாம். எதை எழுதுவது என்பது உங்கள் முடிவு.

என் சுயவிவரம், மதிப்பெண் பட்டியல், நோக்க அறிக்கையின் வரைவு, புராஜெக்ட் சுருக்கம், கேட்கப்படும் கேள்விகள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். கல்லூரி முடித்தபின் குடிநீர்த் திட்டப் பணிகளில் வேலை பார்க்கிறேன். அந்த விவரம் சுயவிவரத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

செமஸ்டர் நெருக்கடியில் நேரம் கிடைக்காமல் போகலாம், அல்லது இந்தப் படிப்புக்கு என்னைப் பற்றி அழுத்தமாக எழுதத் தயக்கம் இருக்கலாம். எதுவானாலும் தயங்காமல் சொல்லுங்கள், நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன். டிசம்பர் 19-க்குள் ஒரு வரி பதில் போட்டால் போதும், வேறு ஏற்பாடு செய்ய எனக்கு அவகாசம் இருக்கும். எழுதுவதாக இருந்தால் ஜனவரி 20 அன்று ஒருமுறை நினைவூட்டுகிறேன்.

பேச வேண்டுமானால் அழையுங்கள் மேடம், என் எண் பழையதுதான். மாலை ஆறு மணிக்கு மேல் எப்போதும் எடுப்பேன்.

மிக்க நன்றியுடன்,
கவிதா