புதிதாக வண்டி பழக வந்தவர்களுக்கு

வணக்கம், வாங்க. ஹெல்மெட் வாரைத் தாடைக்குக் கீழே பூட்டிவிட்டீர்களா? சரி.

இன்று யாரும் சாலைக்குப் போகப் போவதில்லை. சில முகங்கள் வாடுவது தெரிகிறது! காலை முழுக்க கிளட்ச் மட்டும்தான். லிவரை மெல்ல விடுங்கள். வண்டி லேசாக முன்னே இழுக்கும் இடம் ஒன்று வரும். அது விரலுக்குப் பழகும்வரை வேகத்தை மறந்துவிடுங்கள். எஞ்சின் அணைந்தால் பரவாயில்லை, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஏறும் முன் டயர் காற்று, பிரேக், செயின் பாருங்கள். சத்தம் மாறினால் உடனே நிறுத்துங்கள், முறுக்காதீர்கள்.

சாலையில் மணலோ ஈரமோ கண்டால் முன் பிரேக்கைச் சட்டென்று பிடிக்காதீர்கள். நடந்து கடப்பவர்களிடம் ஹாரன் வேண்டாம், நின்று வழிவிடுங்கள்.

அப்புறம், சைடு ஸ்டாண்டை மடக்கிவிட்டு வரிசையாக வாருங்கள். தொடங்கலாம்.