செல் சவ்வு: தனியே சிந்தித்து, இணையோடு பேசி, வகுப்பில் பகிர்வதற்கான வினாக்கள்
இளங்கலை உயிரியல், முதலாம் ஆண்டு, செல் உயிரியல் மூன்றாம் விரிவுரை

ஒவ்வொரு வினாவுக்கும் முதல் இரண்டு நிமிடங்கள் பேசாமல் உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள். அடுத்த நான்கு நிமிடங்கள் பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள். அதன் பிறகு சில இணைகளை அழைப்பேன். அப்போது உங்கள் கருத்தை அல்ல, உங்கள் இணை சொன்ன கருத்தையே நீங்கள் எடுத்துரைக்க வேண்டும். முதலில் எழுதியதை அழிக்க வேண்டாம். மனம் மாறினால் அதன் கீழே புதிய விடையை எழுதுங்கள், ஏனெனில் எந்தச் சான்று உங்களை மாற்றியது என்பதைத்தான் நான் படிக்க விரும்புகிறேன்.

வினா 1. சவ்வில் எத்தனை அடுக்குகள்?

1925-இல் கோர்ட்டர், கிரெண்டல் ஆகிய இருவரும் இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து, நீர்ப்பரப்பின் மேல் ஒரு மூலக்கூறு தடிமனுள்ள படலமாகப் பரப்பி, அதன் பரப்பை அளந்தார்கள். கணக்கு எளிதாக அமைவதற்காக நாம் எண்களை இப்படிக் கொள்வோம்: ஒரு சிவப்பணுவின் புறப்பரப்பு 100 சதுர மைக்ரோமீட்டர்; 10 லட்சம் சிவப்பணுக்களின் கொழுப்பு நீரில் 2 சதுர சென்டிமீட்டர் அளவுக்குப் பரவியது.

தனியே: 10 லட்சம் சிவப்பணுக்களின் மொத்தப் புறப்பரப்பு எத்தனை சதுர சென்டிமீட்டர்? இரு பரப்புகளையும் ஒப்பிட்டு, சவ்வைப் பற்றி ஒரே வாக்கியத்தில் ஒரு முடிவு எழுதுங்கள்.

இணையோடு: இந்தச் சோதனைக்கு எல்லா வகைச் செல்களையும் விட்டுச் சிவப்பணு ஏன் பொருத்தமாயிற்று? பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவில் எந்தெந்த உள்ளுறுப்புகள் இல்லை என்பதிலிருந்து தொடங்குங்கள். கல்லீரல் செல்லை எடுத்திருந்தால் உங்கள் கணக்கில் எந்த எண் பிழையாகியிருக்கும், எந்தப் பக்கமாக?

வகுப்பில்: அவர்கள் கொழுப்பை முழுமையாகப் பிரித்தெடுக்கவில்லை, செல்லின் புறப்பரப்பையும் உண்மையைவிடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். இருந்தும் ஈரடுக்கு என்ற அவர்களுடைய முடிவு சரியாக இருந்தது. இது எவ்வாறு நேர்ந்திருக்க முடியும்? இந்த வினாவுக்குக் கூடுதல் நேரம் தருவேன், அவசரப்பட வேண்டாம்.

வினா 2. உப்பிட்ட மாங்காய்

நறுக்கிய மாங்காயில் உப்பைத் தூவி வைத்தால் சில மணி நேரத்தில் பாத்திரத்தில் நீர் ஊறி நிற்கிறது.

தனியே: அந்த நீர் எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது?

இணையோடு: தூய நீரில் இட்ட சிவப்பணு வெடிக்கிறது, அதே நீரில் இட்ட மாங்காய்ச் செல் வெடிப்பதில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் படம் வரைந்து காட்டுங்கள். சிரை வழியே ஏற்றும் உப்புநீர் ஏன் 0.9 விழுக்காடாக இருக்கிறது என்பதையும் அந்தப் படத்தைக் கொண்டே விளக்குங்கள்.

வினா 3. இரு நிறங்கள் கலந்தது எப்படி?

1970-இல் ஃபிரை, எடிடின் ஆகியோர் ஒரு மனிதச் செல்லையும் ஒரு சுண்டெலிச் செல்லையும் வைரஸின் துணையால் ஒன்றாக இணைத்தார்கள். மனிதச் சவ்வுப் புரதங்கள் சிவப்பாகவும் சுண்டெலியின் புரதங்கள் பச்சையாகவும் ஒளிரும்படி நிறமேற்றிப் பார்த்தபோது, தொடக்கத்தில் ஒரு பாதி சிவப்பாகவும் மறு பாதி பச்சையாகவும் இருந்தன. 37 பாகை செல்சியஸில் வைத்த செல்களில், ஏறத்தாழ 40 நிமிடங்களில் இரு நிறங்களும் பெரும்பாலும் கலந்துவிட்டன.

தனியே: இதற்குக் குறைந்தது இரண்டு விளக்கங்கள் எழுதுங்கள். பழைய புரதங்கள் நகர்ந்தன என்பது ஒன்று. மற்றொன்றை நீங்களே கண்டறிய வேண்டும்.

இணையோடு: மேலும் மூன்று முடிவுகள் கிடைத்தன. புரத உற்பத்தியைத் தடுத்தபோதும் கலப்பு நிற்கவில்லை. செல்லின் ஆற்றல் உற்பத்தியைத் தடுத்தபோதும் நிற்கவில்லை. வெப்பநிலையை 15 பாகைக்குக் கீழே இறக்கியபோது கலப்பு வெகுவாகத் தடைப்பட்டது. ஒவ்வொரு முடிவும் உங்களுடைய எந்த விளக்கத்தை வீழ்த்துகிறது, எதைத் தாங்குகிறது? ஒரு முடிவு இரண்டையுமே வீழ்த்தவில்லை என்றால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

வகுப்பில்: 1972-இல் சிங்கரும் நிக்கல்சனும் முன்வைத்த பாய்ம மொசைக் மாதிரியில் ‘பாய்மம்’ என்ற சொல்லுக்கு இந்தச் சோதனை போதிய சான்றா? ஆம், இல்லை என்று கை தூக்கிய பிறகு, சிறுபான்மையினரின் காரணத்தை முதலில் கேட்போம்.

வினா 4. வெளியேறும் சீட்டு

சிவப்பணுச் சவ்விலுள்ள ஒரு புரதம் நீர் செல்லும் வழி என்று பீட்டர் ஆக்ரேயின் குழு கருதியது. அதன் செய்தி ஆர்.என்.ஏ.வைத் தவளை முட்டைச் செல்லுக்குள் செலுத்தி, புரதம் உருவான பிறகு அதை நீர்த்த கரைசலில் இட்டபோது, அது விரைவாக வீங்கி வெடித்தது. 1992-இல் வெளியான இந்த முடிவை மற்றவர்கள் ஏற்க, அதன் பக்கத்திலேயே வேறு எந்த முட்டைச் செல்லையும் வைத்துச் சோதித்திருக்க வேண்டும்? இணையோடு ஒரு நிமிடம் பேசிவிட்டு, விடையைத் தனித்தனியே எழுதி, வெளியே செல்லும்போது மேசையில் வையுங்கள்.