ஆறாவது வாரத்தில் உதிரப்போக்கு: திங்கள்கிழமை வரை காத்திருக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 29. கடைசி மாதவிலக்கு வந்து 45 நாட்களாகின்றன. சிறுநீர்ப் பரிசோதனை அட்டையில் இரண்டு கோடுகள் தெரிந்தன. நேற்று முன்தினத்திலிருந்து காப்பிப்பொடி நிறத்தில் சிறிது உதிரம் படுகிறது. அடிவயிற்றின் வலப்பக்கம் விட்டுவிட்டு வலிக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் குடல்வால் வெடித்து அறுவைச் சிகிச்சை நடந்தது. கரு தங்குவதற்கென மருந்துக் கடையில் மாத்திரை கொடுத்தார்கள். படுத்து ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்கிறார் என் மாமியார். ஸ்கேனுக்குத் திங்கள்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம், மகப்பேறு மருத்துவரும் ஸ்கேன் வசதியும் உள்ள மருத்துவமனைக்கு இன்றே செல்லுங்கள். தொடக்க வாரங்களில் உதிரம் படுவது ஏறத்தாழ நான்கு கர்ப்பிணிகளில் ஒருவருக்கு நேர்வதுதான். அவர்களில் பலருக்குக் கர்ப்பம் நல்லபடியாகவே தொடர்கிறது. ஆனால் உங்களுக்கு ஒரு பக்கமாக வலியும் இருப்பதால், கரு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில், தங்கியிருக்கிறதா என்பதை முதலில் பார்த்தாக வேண்டும். நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டு இப்படி அமைகின்றன.

வெடித்த குடல்வாலின் தொற்று கருக்குழாயைச் சுற்றித் தழும்பை உண்டாக்கி, கரு நகரும் வழியைத் தடுக்கக்கூடும். முன்பு கருக்குழாயில் கரு தங்கியது, குழாயில் செய்த அறுவைச் சிகிச்சை, இடுப்புக்குழித் தொற்று, நம் நாட்டில் மறக்கக் கூடாத பிறப்புறுப்புக் காசநோய், புகைப்பழக்கம், குழந்தைப்பேற்றுச் சிகிச்சை ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும். காப்பர்-டி இருக்கும்போதோ குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்குப் பிறகோ கரு உண்டானாலும் இதே ஐயம் எழ வேண்டும். இவற்றில் ஒன்றுமே இல்லாதவர்கள்தாம் பாதிப்பேர் என்பதால், ‘எனக்கு அப்படியெல்லாம் வராது’ என்று எவரும் இருந்துவிட முடியாது.

தலைசுற்றல், மயக்கம், திடீரெனக் கடுமையாகும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, மலம் கழிக்கும்போது அழுத்தம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே 108-ஐ அழையுங்கள். குழாய் வெடித்து வயிற்றுக்குள் கசியும் இரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால்தான் தோள் வலிக்கிறது. வெளியே படும் உதிரம் குறைவாக இருப்பதை வைத்து உள்ளே கசிவதை அளவிட முடியாது.

துணையோடு செல்லுங்கள், நீங்களே வண்டி ஓட்ட வேண்டாம். உடனடி அறுவை தேவைப்படலாம் என்பதால், மருத்துவர் பார்க்கும்வரை எதுவும் உண்ண வேண்டாம். கடையில் வாங்கிய மாத்திரையை நிறுத்திவிட்டு அதன் அட்டையை எடுத்துச் செல்லுங்கள். கருப்பைக்கு வெளியே உள்ள கருவை அது சரிசெய்யாது. கருக்கலைப்பு மாத்திரையாலும் பயனில்லை.

அங்கே பிறப்புறுப்பு வழி ஸ்கேனும், கர்ப்ப ஹார்மோன் அளவுக்கும் இரத்த வகைக்கும் சோதனையும் செய்வார்கள். கருப்பைக்குள் கரு தெரியாவிட்டால், உடல்நிலை சீராக இருக்கும்பட்சத்தில், 48 மணி நேரம் கழித்து ஹார்மோனை மறுபடி அளப்பார்கள். அந்த இரண்டாவது சோதனையைத் தவறவிடாதீர்கள்.