உயில் சாசனம்

2025-ம் ஆண்டு ஜூன் மாதம் 12-ம் தேதி, தஞ்சாவூர் மாவட்டம், தஞ்சாவூர் நகரம், மருத்துவக் கல்லூரி சாலைப் பகுதியில் குடியிருக்கும் சாமிநாதன் மகன், ஓய்வுபெற்ற அரசுப் பள்ளித் தலைமையாசிரியர், 73 வயதுள்ள சா. முருகேசன் ஆகிய நான் என் மனப்பூர்வமான சம்மதத்துடன் எழுதி வைக்கும் உயில் சாசனம் என்னவென்றால்:

எனக்குச் சர்க்கரை உண்டு, இரண்டு கண்ணிலும் புரை அறுவை செய்திருக்கிறது. மற்றபடி நல்ல நினைவோடும் தெளிந்த புத்தியோடும் இருக்கிறேன். இதை நானே கைப்பட எழுதி, தட்டச்சு செய்து வாங்கி, ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்தேன். யாருடைய வற்புறுத்தலும் தூண்டுதலும் இதில் இல்லை. 2014-ல் ஒரு உயில் எழுதியிருந்தேன். அதையும், அதற்கு முன் எழுதியது ஏதாவது இருந்தால் அதையும் இதன் மூலம் முழுமையாக ரத்து செய்கிறேன். இதுவே என் கடைசி உயில். என் ஆயுள் உள்ளவரை சொத்துகள் யாவும் என்னுடையவை. இதை மாற்றவோ ரத்து செய்யவோ எனக்கு உரிமை உண்டு. என் காலத்துக்குப் பிறகே இது அமலுக்கு வரும்.

என் குடும்பம்: மனைவி தனலட்சுமி, வயது 67. மகள் கலைவாணி, வயது 44. மகன் செந்தில்குமார், வயது 41. கலைவாணியின் மகன் ஆதவன், வயது 15. செந்தில்குமாரின் மகள் இளவேனில், வயது 11.

கீழே தபசிலில் கண்ட இரண்டு வீடுகளும் என் சம்பளத்திலும் சேமிப்பிலும் வாங்கிய சுயார்ஜித சொத்துகள். பூர்வீகச் சொத்து என் பெயரில் எதுவும் இல்லை. கிராமத்து நிலத்தில் எனக்கு வந்த பங்கை 1996 பாகப்பிரிவினையின்போதே என் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். கோவை வீட்டுக்கு வாங்கிய வங்கிக் கடன் 2021-ல் அடைந்து, மூலப் பத்திரமும் கைக்கு வந்துவிட்டது. இரண்டு வீட்டின் மீதும் வில்லங்கம் எதுவும் இல்லை.

'அ' தபசில் தஞ்சாவூர் வீட்டை, என் காலத்துக்குப் பிறகு, என் மனைவி தனலட்சுமி சர்வ சுதந்திர பாத்தியதையுடன் அடைய வேண்டியது. மனைக்கு மட்டும் பணம் இருந்த காலத்தில் வளையலை அடகு வைத்து அஸ்திவாரம் போட்டவர் அவர். ஆயுள் உள்ளவரை அனுபவிக்கலாம், விற்கக் கூடாது என்று எழுதச் சொல்லி எனக்கு யோசனை சொன்னார்கள். அது எனக்குச் சம்மதமில்லை. நாளைக்கு ஒரு வைத்தியச் செலவு வந்தால் அவர் யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்கக் கூடாது. அப்படி எழுதிய உயில்கள் பின்னால் நீதிமன்றம் போனதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே விற்கவோ, தானம் செய்யவோ, அடமானம் வைக்கவோ, உயில் எழுதவோ அவருக்கு முழு உரிமை உண்டு. மாடிக் குடித்தனத்தின் வாடகையும் முன்பணமும் அவரைச் சேர்ந்தவை. அவருக்குப் பின் வீடு யாருக்கு என்பதில் நான் எந்தக் கட்டளையும் வைக்கவில்லை. அவர் எனக்கு முன்பே காலமாகிவிட்டால், இந்த வீடு என் மகன் செந்தில்குமாருக்கு. அவரும் இல்லையெனில் இளவேனிலுக்கு.

'ஆ' தபசில் கோவை அடுக்குமாடி வீட்டை, கார் நிறுத்துமிடம் மற்றும் பிரிக்கப்படாத மனைப் பங்கு உட்பட, என் மகள் கலைவாணி சர்வ சுதந்திர பாத்தியதையுடன் அடைய வேண்டியது. 2019-ல் மருமகன் தவறிய பிறகு கலைவாணி பிள்ளையோடு இந்த வீட்டில்தான் இருந்து வருகிறார். அந்தப் பிள்ளையின் பள்ளிக்கூடமும் நட்பும் அங்கேதான். கலைவாணி எனக்கு முன் காலமானால் இது ஆதவனுக்கு.

செந்தில்குமாருக்கு இதில் நேரடியாக வீடு எழுதவில்லையே என்று யாரும் நினைக்கக் கூடாது. 2016-ல் அவர் சென்னையில் வீடு வாங்கியபோது என் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து 18 லட்சம் ரூபாய் கொடுத்தேன். அது கடன் அல்ல, அவருடைய பங்கு. அதை யாரும் திருப்பிக் கேட்கக் கூடாது. இந்த ஏற்பாட்டை இரண்டு பிள்ளைகளையும் எதிரில் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன்.

அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் ரூபாய் இருக்கிறது. அதிலிருந்து ஆதவனுக்கு 2 லட்சம், இளவேனிலுக்கு 2 லட்சம், 22 வருடமாக எங்கள் வீட்டில் வேலை செய்து, என் தாயாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட செல்லம்மாளுக்கு 1 லட்சம் கொடுக்க வேண்டியது. பிள்ளைகள் 18 வயது முடியும்வரை அந்தப் பணம் அவரவர் பெயரில் வங்கி வைப்பாக இருக்கட்டும். மீதி 10 லட்சமும், வங்கிக் கணக்குகளில் உள்ளதும் மனைவிக்கு. எந்தக் கணக்கில் யார் பெயர் நாமினியாக இருந்தாலும், அவர் பணத்தைப் பெற்று இந்த உயில்படி உரியவரிடம் சேர்க்க வேண்டியவரே. நாமினி ஆனதாலேயே பணம் அவருடையது ஆகிவிடாது.

வீட்டிலுள்ள நகைகள் என் மனைவியின் சொந்தச் சொத்து. அவை இந்த உயிலில் சேராது. குடும்ப ஓய்வூதியமும் அரசு விதிப்படி அவருக்கு வருவது. என் புத்தகங்கள் அலமாரியோடு இளவேனிலுக்கு. இங்கே சொல்லாமல் விட்டதும், இனி நான் சம்பாதிப்பதும் மனைவியைச் சேரும். அவர் இல்லையெனில் மகளுக்கும் மகனுக்கும் சரிபாதி.

இந்த உயிலை நிறைவேற்றுபவர்களாக என் மகன் செந்தில்குமாரையும், என் மைத்துனர், கும்பகோணத்தில் இருக்கும் ராமலிங்கம் மகன் பாலசுப்பிரமணியனையும் சேர்த்து நியமிக்கிறேன். மகனை நியமித்தது, அக்காவுக்கும் அம்மாவுக்கும் சேர வேண்டியதை அவர் கையாலேயே சேர்ப்பார் என்ற நம்பிக்கையில். இருவரில் ஒருவரால் முடியாமல் போனால் மற்றவர் தனித்தே செய்யலாம். இருவராலும் முடியாவிட்டால் கலைவாணி செய்யட்டும். என் ஈமச் சடங்குச் செலவையும், மருத்துவமனைப் பாக்கி இருந்தால் அதையும் முதலில் வங்கிக் கணக்கிலிருந்து தீர்த்து, அப்புறம் பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு ஆகியவற்றை உரியவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டியது. இதற்காக அவர்கள் கைக்காசு போட வேண்டாம். ஆகும் செலவை என் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

'அ' தபசில்: தஞ்சாவூர் நகரம், டவுன் சர்வே எண் 2846/3, கதவு எண் 17, 1987-ம் ஆண்டு 1132-ம் எண் கிரயப் பத்திரப்படி எனக்குப் பாத்தியமான மனையும், 1990-ல் கட்டிய தரைத்தளமும், 2003-ல் கட்டிய மாடியும். எல்லை: 20 அடி தெருவுக்குத் தெற்கு, கோவிந்தராஜன் வீட்டுக்கு மேற்கு, வாய்க்கால் புறம்போக்குக்கு வடக்கு, மரியதாஸ் மனைக்குக் கிழக்கு. இதன் மத்தியில் கிழமேல் 40 அடி, தென்வடல் 60 அடி, ஆக 2,400 சதுர அடி. கிணறு, மின் இணைப்பு, குழாய் இணைப்பு உட்பட.

'ஆ' தபசில்: கோயம்புத்தூர் மாநகரம், சிங்காநல்லூர், சர்வே எண் 318/2, இரண்டாம் தளம், வீடு எண் 2சி, 1,040 சதுர அடி. அதற்குரிய பிரிக்கப்படாத மனைப் பங்கு 480 சதுர அடி, தரைத்தளத்தில் 6-ம் எண் கார் நிறுத்துமிடம். 2012-ம் ஆண்டு 4417-ம் எண் கிரயப் பத்திரப்படி எனக்குப் பாத்தியமானது.

இந்த உயில் ஐந்து பக்கங்கள் கொண்டது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்திட்டிருக்கிறேன். அடித்தல் திருத்தல் இல்லை.

(ஒப்பம்) சா. முருகேசன்
உயில் எழுதி வைப்பவர்
தஞ்சாவூர், 12.06.2025

மேற்படி சா. முருகேசன் இந்த உயிலைப் படித்துப் புரிந்துகொண்டு, நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பார்க்க, எங்கள் முன்னிலையில் கையெழுத்திட்டார். அவர் முன்னிலையிலும், ஒருவர் முன்னிலையில் மற்றவரும், நாங்கள் சாட்சிக் கையெழுத்து இடுகிறோம். அவர் தெளிந்த மனநிலையில் இருந்தார். இந்த உயிலால் எங்களுக்கோ எங்கள் வாழ்க்கைத் துணைக்கோ எந்த ஆதாயமும் இல்லை.

சாட்சி 1: (ஒப்பம்) டாக்டர் வே. அருள்மொழி, தகப்பனார் பெயர் வேலாயுதம், வயது 52, பொது மருத்துவர், தஞ்சாவூர். மேற்படி நபரை ஒன்பது ஆண்டுகளாக நான் சிகிச்சையில் பார்த்து வருகிறேன்.

சாட்சி 2: (ஒப்பம்) அ. மரியதாஸ், தகப்பனார் பெயர் அந்தோணிசாமி, வயது 58, கதவு எண் 19, மேற்படி தெரு, தஞ்சாவூர். பக்கத்து வீட்டுக்காரர்.