பொருள்: கோலாலம்பூர்ப் பேச்சுத் தமிழில் குறில்–நெடில் கால அளவு: சிற்றாய்வுக்கான முன்வரைவு

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த செமஸ்டர் சிற்றாய்வுக்கு, நம் ஊர் இளையோர் பேச்சில் குறிலும் நெடிலும் எவ்வளவு நேரம் ஒலிக்கின்றன என்பதை அளக்க விரும்புகிறேன்.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்கிறது தொல்காப்பியம். மலாயில் உயிரின் நீளம் பொருளை மாற்றுவதில்லை. அதனால் தேசியப் பள்ளியில் படித்த பிள்ளைகள் நெடிலை விழுங்குகிறார்கள் என்று பெரியவர்கள் குறைப்படுவதுண்டு. யாரும் அளந்து பார்க்காமல் அவர்கள் தமிழைக் குறை சொல்வது எனக்கு ஏற்பாக இல்லை.

செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பகுதிகளில் வளர்ந்த 20 முதல் 25 வயதுப் பெண்கள் 12 பேர்: ஆறு பேர் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள், ஆறு பேர் தேசியப் பள்ளியில் படித்தவர்கள். எல்லாரும் வீட்டில் தமிழ் பேசுபவர்களாக இருக்க வேண்டும்.

சொற்களைத் தேர்வதில்தான் அதிகம் யோசித்தேன். கட்டு–காட்டு, திட்டு–தீட்டு, குட்டு–கூட்டு என மூன்று இணைகள். எல்லாமே வல்லினத்தில் தொடங்கி ‘ட்டு’ என்று முடிவதால், அலைவடிவத்தில் உயிரின் தொடக்கமும் முடிவும் தெளிவாகத் தெரியும். ‘படு–பாடு’ வேண்டாம் என்று விட்டேன். இடையில் வரும் ஒற்றை டகரம் நாவைத் தட்டிவிட்டு ஓடிவிடும், எல்லை பிடிபடாது. ‘பெட்டி’யைப் பலர் ‘பொட்டி’ என்பதால் எகரத்துக்கு நல்ல இணை அமையவில்லை. எகர, ஒகரங்களை இப்போதைக்கு ஒதுக்கிவைக்கலாமா?

தேசியப் பள்ளியில் படித்த சிலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பட்டியலை வாசிக்கச் சொன்னால் ஒப்பீடே கெட்டுவிடும். நான் சொல்லிக்காட்டினாலோ என் நீளத்தையே திருப்பிச் சொல்வார்கள். ஆகவே மலாயில் ‘ஈக்காட்’ என்று கேட்டு, ‘அம்மா கட்டுன்னு சொன்னாங்க’ என்ற வாக்கியமாகத் தமிழில் சொல்ல வைப்பேன். ‘துன்ஜோக்’ என்றால் ‘காட்டு’. இரு குழுவுக்கும் இதே முறைதான். வரிசையைக் கலைத்து, ஒவ்வொரு சொல்லையும் ஐந்து முறை பதிவு செய்தால் மொத்தம் 360 உயிர்கள் கிடைக்கும். Praat மென்பொருளில் நானே எல்லை குறிப்பேன்.

வேகமாகப் பேசுபவருக்கு எல்லா உயிரும் குறுகும். அதனால் மில்லிவினாடிகளை மட்டும் நம்பாமல், ஒவ்வொருவரின் பேச்சிலும் நெடில் அவருடைய குறிலைப்போல் எத்தனை மடங்கு என்று பார்ப்பேன். இரு குழுக்களிலும் அந்த விகிதம் ஒத்திருந்தால், அதுவும் எழுத வேண்டிய முடிவுதான்.

நெறிமுறை அனுமதி கிடைத்த பிறகே பதிவைத் தொடங்குவேன். காற்றாடி, ஏர்கோன் இரைச்சல் இல்லாத அறை வேண்டும். துறையில் அப்படி ஒன்று கிடைக்குமா டாக்டர்? அடுத்த புதன்கிழமை உங்கள் சந்திப்பு நேரத்தில் சொற்பட்டியலோடு வரலாமா?

பணிவன்புடன்,
கவிதா
முதுகலை மாணவி, இந்திய ஆய்வியல் துறை
மலாயாப் பல்கலைக்கழகம்